மாதிரித் தேர்வில் சத்தம் நின்றால்: யாங்கோன் தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாங்கோனிலும் தான்லினிலும் பகோவிலும் நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் ஜப்பானியமும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும், மாதிரித் தேர்வுக்கு மண்டபத்தைத் திறந்துவிடும் கோயில், சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தும் மாதிரித் தேர்வுகளில் கண்காணிப்பாளராக நானும் உட்கார்ந்திருக்கிறேன். வெளி மண்டபங்களில் கூலிக்கும் அந்த வேலையைச் செய்திருக்கிறேன். இரண்டையும் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். வாசிப்பையும் எழுத்தையும் நீங்கள் நடத்துகிற விதத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மணி பார்த்துத் தாளைக் கொடுக்கிறீர்கள், மணி பார்த்து வாங்குகிறீர்கள். கேட்டல் பகுதி வந்ததும் மட்டும் எல்லாம் வீட்டுப் பழக்கமாகிவிடுகிறது. பின்வரிசையில் ஒரு பிள்ளை "சயாமா, இன்னொரு தடவை" என்று ஆசிரியையைக் கெஞ்சுகிறாள். பாவம் என்று மறுபடி போடுகிறீர்கள். நடுவில் கரண்ட் போனால் எல்லோரும் சிரிக்கிறோம், வந்ததும் எங்கே விட்டோம் என்று தேடி, குத்துமதிப்பாக ஓரிடத்திலிருந்து ஓடவிடுகிறோம்.

ஜப்பானிய மொழித் தேர்வான ஜேஎல்பிடியிலும் சரி, ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸிலும் சரி, ஒலிப்பதிவு ஒரு தடவைதான் ஓடும். இது பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு தடவையில் கோளாறு வந்தால் என்ன செய்வது என்பதை அவர்கள் எங்கேயும் பழகவில்லை. பழகக்கூடிய ஒரே இடம் உங்கள் மண்டபம். அதனால்தான் இந்த மடல்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். பிள்ளை கவனம் தவறி ஒரு விடையை விட்டுவிடுவது ஒரு வகை. மண்டபமோ கருவியோ அவள் காதுக்கு ஒலியைக் கொண்டு சேர்க்காமல் விடுவது வேறு வகை. முதல் வகைக்கு மறுபடி போடவே கூடாது. இரண்டாவது வகைக்கு ஓர் ஒழுங்கோடு மறுபடி போடத்தான் வேண்டும். நாம் இப்போது செய்வது நேர்த் தலைகீழ். கெஞ்சினால் போடுகிறோம், மண்டபக் கோளாறை "சரி விடு, அடுத்ததைப் பார்" என்று கடந்துபோகிறோம். வகுப்பில் ஒரே பதிவைப் பத்துத் தடவை போடுங்கள், நிறுத்தி நிறுத்தி விளக்குங்கள், அது பாடம். மாதிரித் தேர்வு என்று பலகையில் எழுதிவிட்டால் அது வேறு வேலை.

எது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிள்ளைகளைக் கேட்டால் எல்லோரும் "சரியாகக் கேட்கவில்லை" என்றுதான் சொல்வார்கள். விடைத்தாளைக் கேட்க வேண்டும். அதற்கு இருக்கை வரிசையின் படம் ஒன்று வேண்டும்.

சென்ற பருவத்தில் ஒரு மண்டபத்தில் ஜேஎல்பிடியின் என்4 நிலைக்கு மாதிரித் தேர்வு நடந்தது. நான்கு நான்காக ஆறு வரிசை, 24 பேர். முன்மேடையில் ஒரே ஒரு ஸ்பீக்கர். திருத்திய தாள்களை மதிப்பெண் வரிசையில் அடுக்காமல், பிள்ளைகள் உட்கார்ந்த ஒழுங்கிலேயே தரையில் பரப்பி வைத்தேன். என்4 கேட்டல் 35 நிமிடம், அதில் நான்கு பகுதிகள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். முதல் இரண்டு பகுதிகளில் படமோ விடைத் தெரிவுகளோ தாளில் அச்சாகியிருக்கும். மூன்றாவதில் படம் மட்டும் இருக்கும், தெரிவுகள் காதில்தான் வரும். நான்காவதில் தாளில் ஒன்றுமே இராது. ஒருவர் ஒரு வரி சொல்வார், அதற்கு மூன்று மறுமொழிகள் வரும், பொருந்துவதைக் குறிக்க வேண்டும். மொத்தம் எட்டுக் கேள்விகள்.

முதல் இரண்டு பகுதிகளில் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நான்காவது பகுதியில் முன் நான்கு வரிசைப் பிள்ளைகள் ஐந்தும் ஆறும் சரியாகப் போட்டிருந்தார்கள். பின் இரண்டு வரிசையில் பெரும்பாலும் இரண்டு, மூன்று. மூன்று தெரிவுள்ள எட்டுக் கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் இரண்டு மூன்று சரியாக வரும். அப்படியானால் அந்த எட்டுப் பிள்ளைகளும் அந்தப் பகுதியைக் கேட்கவே இல்லை, குருட்டாம்போக்கில் குறித்திருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் வகுப்பில் நன்றாகச் செய்பவர்கள். முதல் பகுதிகளில் அவர்களைக் காப்பாற்றியது காது அல்ல, தாளில் இருந்த படம்.

காரணம் மண்டபத்தில் இருந்தது. பின்பக்கம் தலைக்கு மேல் இரண்டு மின்விசிறி, அதற்கும் பின்னால் வெறும் சுவர், தரை முழுக்க வழுவழுப்பான ஓடு. பஜனைக்கு அருமையான மண்டபம். பாட்டுக்கு எதிரொலி கேடில்லை. ஒரு வரிப் பேச்சுக்கு அதுதான் எமன். ஒரு சொல்லின் வால் மறையும் முன்பே அடுத்த சொல் வந்து மேலே விழுகிறது. இதற்கு நாம் வழக்கமாகச் செய்யும் மருந்து, சத்தத்தைக் கூட்டுவது. கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடுகிறது, முன்வரிசைக்குக் காது வலிக்கிறது, பின்வரிசைக்கு ஒன்றும் மாறுவதில்லை. ஒலி பிறக்கும் இடத்தைப் பிள்ளைக்கு அருகே கொண்டுபோவதுதான் வழி. பெரிய ஒன்றுக்குப் பதிலாக நடுத்தரமான இரண்டு ஸ்பீக்கர்கள், ஒன்று முன்னால், ஒன்று நடு மண்டபத்தில், உட்கார்ந்திருப்பவர் தலைக்குச் சற்று மேலே இருக்கும்படி ஸ்டூலில் வைத்தால் சத்தத்தைக் குறைத்தே வைக்கலாம். அடுத்த முறை அப்படி வைத்துப் பார்த்தோம், பின்பக்க மின்விசிறிகளையும் கேட்டல் நேரத்துக்கு மட்டும் நிறுத்தினோம். வேர்த்தது, ஆனால் வரிசைக்கு வரிசை இருந்த வேறுபாடு போய்விட்டது.

ஸ்பீக்கர் என்றதும் இன்னொன்று. பிள்ளைகளின் கையடக்க ப்ளூடூத் ஸ்பீக்கர்களைத் தேர்வுக்கு வைக்காதீர்கள். அவற்றில் சில, ஒலி இல்லாத நொடிகளில் மின்கலத்தை மிச்சப்படுத்தத் தாமே அடங்கிவிடும். ஒலி வந்ததும் விழிக்க ஒரு கணம் பிடிக்கும். கேட்டல் தேர்வின் பாதி நேரம் மௌனம்தானே. மௌனத்துக்குப் பின் வரும் முதல் அசை வெட்டுப்படும். பாட்டில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள், "இல்லை" என்று தொடங்கும் ஒரு வரியில் முதல் அசை போனால் கேள்வியே தலைகீழாகிவிடும். நீளமான கம்பி ஒன்று வாங்கி மடிக்கணினியோடு இணைத்துவிடுங்கள். பதிவைக் கைப்பேசியிலிருந்து ஓட்டுவதும் வேண்டாம். வேறு வழியே இல்லையென்றால் சிம்மை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். தேர்வு நடுவே யாருடைய மாமாவோ மோலமியனிலிருந்து கூப்பிட்டதை நான் கேட்டிருக்கிறேன், 24 பிள்ளைகளும் கேட்டார்கள்.

கேட்டல் பகுதிக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. என்4 தேற 180க்கு 90 போதும். ஆனால் கேட்டலில் மட்டும் தனியாக 60க்கு 19 எடுத்தாக வேண்டும். மற்றப் பகுதியில் எவ்வளவு வாரிக் குவித்தாலும் இங்கே 18 என்றால் தோல்விதான். எழுத்தும் இலக்கணமும் நன்றாக வரும் பிள்ளை கேட்டலில் மட்டும் விழுவதை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறோம். அவளுக்குக் காது பழகவில்லையா, நாம் பழகவிடவில்லையா என்பதை இருக்கைப் படம் சொல்லிவிடும்.

ஜேஎல்பிடியில் கேட்டல் தொடங்கும் முன் ஒலிச் சோதனை ஒன்று உண்டு. "தென்கி கா ஈ கரா, சம்போ ஷிமஷோ" என்று ஒரு குரல் சொல்லும். வானம் நன்றாக இருக்கிறது, நடந்துவிட்டு வரலாம் என்று பொருள். நம் ஊர் ஜூலை மழை தகரக் கூரையில் அடிக்கும்போது அதைக் கேட்டால் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. சரியாகக் கேட்காவிட்டால் கையைத் தூக்குங்கள் என்று அந்தக் குரலே சொல்கிறது. தேர்வு நடத்துபவர் தரப்பிலிருந்து "கேட்கவில்லை" என்று சொல்லும்படி அழைக்கும் இடம் அது ஒன்றுதான். அப்போது கை தூக்கினால் அளவைக் கூட்டலாம், கதவைச் சாத்தலாம், மின்விசிறியைக் குறைக்கலாம். தேர்வு தொடங்கி மூன்றாவது கேள்வியில் கை தூக்கினால் மண்டபம் முழுவதற்குமான ஓட்டத்தை யார் நிறுத்துவார்கள்?

நம் பிள்ளைகள் தூக்குவதில்லை. சுற்றிலும் நூறு பேர் சும்மா இருக்கும்போது தான் மட்டும் கை தூக்கக் கூச்சம். ஆகவே உங்கள் மாதிரித் தேர்விலும் தொடக்கத்தில் ஒரு சோதனை வரியைப் போடுங்கள், சில நாள் வேண்டுமென்றே சத்தத்தைக் குறைத்துப் போடுங்கள். யாரும் கை தூக்காவிட்டால் அப்படியே தேர்வைத் தொடங்கிவிடுங்கள். கொடுமை என்று நினைப்பீர்கள். ஒரே ஞாயிறில் பாடம் ஏறிவிடும். பெற்றோர் சண்டைக்கு வந்தால் என்னைக் காட்டுங்கள்.

இனி ஹெட்போனுக்கு வருகிறேன். கணினியில் எழுதும் ஐஇஎல்டிஎஸ்ஸில் ஒவ்வொருவருக்கும் தனி ஹெட்போன். தாளில் எழுதும் தேர்விலும் சில மண்டபங்களில் ஹெட்போன், சிலவற்றில் ஸ்பீக்கர். ஹெட்போன் வந்ததும் மண்டபச் சிக்கல் தீர்ந்தது என்று நினைக்கிறோம். தீரவில்லை, ஒரு கோளாறு ஒருவருடையதாக மட்டும் சுருங்கிவிட்டது. ஸ்பீக்கர் நின்றால் எல்லோரும் நிமிர்வார்கள். ஒரு ஹெட்போன் நின்றால் அந்தப் பிள்ளையைத் தவிர உலகில் யாருக்கும் தெரியாது. அவள் வாய் திறந்தால்தான் உண்டு.

கணினித் தேர்வில் கேட்டல் தொடங்கும் முன் திரையில் ஒலிச் சோதனை வரும். Play sound என்ற பொத்தானை அழுத்தினால் ஒரு மாதிரி ஒலி வரும். தெளிவாகக் கேட்காவிட்டால் கண்காணிப்பாளரிடம் சொல்லுங்கள் என்று அங்கேயே எழுதியிருக்கும். பிள்ளைகள் ஒரு தடவை அழுத்தி, ஏதோ கேட்டதும் மேலே போய்விடுகிறார்கள். அந்தத் திரையில் நிதானமாக நான்கு காரியம் செய்யச் சொல்லுங்கள். வலது இடது குறி பார்த்து மாட்டி, காதை முழுக்க மூடும்படி இழுத்துவிட வேண்டும். முக்காடு போடும் பிள்ளைகள் துணிக்கு மேலேயா அடியிலா என்று முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒலியை ஓடவிட்டு இரண்டு காதிலும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கம்பியை மெதுவாக அசைத்து, கரகரப்போ விட்டு விட்டு வருவதோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக அளவைச் சரிசெய்ய வேண்டும். அளவை உச்சத்தில் வைத்துக்கொண்டு போவது நம்மவர் வழக்கம், அரை மணி நேரத்தில் காது களைத்துவிடும். இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் அளவுக்குச் சற்று மேலே போதும்.

ஹெட்போன் கோளாறுகளில் நான் அடிக்கடி பார்த்ததும், பிள்ளைகள் அடையாளம் கண்டுகொள்ளாததும் ஒன்று உண்டு. பழைய வகை உருண்டைச் செருகி கணினியில் முழுக்க இறங்காமல் பாதியில் நிற்பது. அப்போது ஒலி முழுக்க நிற்காது, அதனால்தான் ஏமாந்துபோகிறோம். செருகியின் பொதுத் தொடுப்பு விட்டுப்போனால் இரண்டு காதுக்கும் உள்ள வேறுபாடு மட்டும்தான் வந்து சேரும். பேசுபவர் குரலோ இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பதிவாகியிருப்பதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பின்னணி இசையும் சலசலப்பும் கேட்கும், குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் குழிந்து கேட்கும். சத்தத்தைக் கூட்டினால் பின்னணிதான் கூடும். இந்த அடையாளம் தெரிந்த பிள்ளை ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். தெரியாதவள் "ஆங்கிலேயர் பேச்சு இப்படித்தான் இருக்குமோ" என்று சகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வகுப்பில் ஒரு நாள் செருகியை வேண்டுமென்றே பாதி இழுத்துவிட்டு ஒவ்வொருவர் காதிலும் மாட்டிக் காட்டுங்கள். ஹெட்போனைப் பாட்டு போட்டுச் சோதிக்காமல் பேச்சு போட்டுச் சோதியுங்கள் என்று நான் நச்சரிப்பதும் இதனால்தான்.

கம்பியில்லா ஹெட்போனில் வேறு தொல்லைகள். மின்கலம் தீர்வது, அளவுச் சக்கரம் கைபட்டுத் திரும்பிவிடுவது, அலைவரிசை மாறிக்கிடப்பது. இவற்றுக்கெல்லாம் மருந்து ஒன்றே: வேறொன்றை எடுத்துக் கொடு. தேர்வு நேரத்தில் பழுது பார்க்கக் கூடாது. பத்துக்கு ஒன்று என்றாவது உதிரி இருக்க வேண்டும், அதுவும் அலமாரியில் பூட்டிக் கிடக்காமல், காலையிலேயே சோதித்துக் கண்காணிப்பாளர் மேசையில் இருக்க வேண்டும்.

இப்போது ஒரு பிள்ளையின் கதை. நம் மாதிரித் தேர்வில்தான் நடந்தது. கணினியில் ஐஇஎல்டிஎஸ் கேட்டல், நான்கு பகுதி, பகுதிக்குப் பத்தாக 40 கேள்வி. பையன் நன்றாகச் செய்பவன். இரண்டாம் பகுதி நடுவே, 14ஆம் கேள்வி வரும் நேரத்தில் வலது காது போய், இடதும் விட்டு விட்டு வந்திருக்கிறது. அவன் கம்பியைப் பிடித்து அழுத்தினான், சரியானது, விட்டான், போனது. ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறு கையால் தட்டச்சு செய்தான். 14, 15, 16 போயின. மூன்றாம் பகுதி தொடங்கும்போது போன மூன்றையும் நினைத்துக்கொண்டே கேட்டதில் 21ம் 22ம் போயின. முடிந்து வெளியே வந்து, வடை தின்னும்போது என்னிடம் சொன்னான், "அங்கிள், ஹெட்போன் சரியில்ல."

ஐஇஎல்டிஎஸ்ஸில் 40க்குச் சுமார் 23 சரியென்றால் கேட்டல் மதிப்பெண் 6, 30 என்றால் 7. இடையில் இருப்பது ஏழு கேள்விதான். அவனுக்குப் போனது ஐந்து. அதில் மூன்று கருவியின் குற்றம், இரண்டு அவன் மனத்தின் குற்றம். ஆனால் உண்மைத் தேர்வாக இருந்தால் ஐந்துக்கும் விமோசனம் இல்லை, ஏனென்றால் அவன் கை தூக்கவில்லை. முடிவு வந்தபின் குறிப்பிட்ட காலத்துக்குள் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்கும் தெரியும். அது எழுதிய விடையைத் திரும்பத் திருத்துவது மட்டும்தான். எழுதாமல் விட்ட கட்டத்தில் திருத்த என்ன இருக்கிறது? காதில் விழாமல் போனதை எந்தத் திருத்துநராலும் பார்க்க முடியாது.

அவன் செய்திருக்க வேண்டியது இதுதான். ஒலி போன அந்தக் கணமே கையை உயரத் தூக்கி, கண்காணிப்பாளர் பக்கத்தில் வரும்வரை இறக்காமல் வைத்திருப்பது. கண் திரையிலேயே இருக்கட்டும், மறு கை கிடைத்ததை எழுதிக்கொண்டிருக்கட்டும். எழுந்து நிற்கவோ சத்தம் போடவோ கூடாது, பக்கத்துப் பிள்ளைக்கும் அந்த ஒரு தடவைதான். கண்காணிப்பாளர் வந்ததும் கதை சொல்லாமல் ஒரே வாக்கியம்: எந்தக் கேள்வியில், என்ன ஆனது. "பதினாலில் வலது காது போனது." ஆங்கிலத்தில் இதைச் சொல்லும் ஒரு வரியை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளட்டும், பதற்றத்தில் தமிழும் வராது, பர்மாவும் வராது.

அதன்பின் என்ன தீர்வு, வேறு ஹெட்போனா, வேறு கணினியா, வேறு நாளா என்பது மையத்தின் கையில். எந்தத் தீர்வாயிருந்தாலும் அதற்கு வேர், கோளாறு நடந்த வேளையில் எழுதப்பட்ட ஒரு குறிப்பு. ஆகவே தேர்வு முடிந்ததும், வளாகத்தை விட்டு வெளியேறும் முன், பொறுப்பாளரைப் பார்த்து "என் கோளாறைப் பதிந்தீர்களா" என்று மரியாதையாகக் கேட்டு, தன் பெயரும் எண்ணும் அதில் இருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்து இரவில் மின்னஞ்சல் எழுதினால், மையத்திடம் ஒரு பதிவும் இல்லாத நிலையில், அது வெறும் சொல்லாகத்தான் நிற்கும்.

கருவிக் குற்றத்தால் மூன்று போனபின் மனத்தால் இன்னும் இரண்டை விடாமலிருக்க ஒரு பழக்கம் வேண்டும். போன கேள்வியில் ஏதாவது ஒன்றை எழுதிவிட்டு, கண்ணை உடனே அடுத்த கேள்வி எண்ணுக்கு நகர்த்துவது. தவறான விடைக்குக் கழிவு இல்லை, விடைகள் கேள்வி வரிசையிலேயேதான் வரும், ஆகவே அடுத்த எண்ணைப் பிடித்துவிட்டால் ஓட்டத்தில் ஏறிக்கொள்ளலாம். நான்காம் பகுதியில் இது இன்னும் கடினம். பத்துக் கேள்விக்கும் நடுவில் இடைவெளி இல்லாத ஒரே சொற்பொழிவு அது. தாளில் எழுதினால் விடைகளைப் பெயர்த்தெழுத இறுதியில் 10 நிமிடம் உண்டு, கணினியில் சரிபார்க்க 2 நிமிடம்தான். ஜேஎல்பிடியில் அதுவும் இல்லை. கேட்கும்போதே விடைத்தாளில் குறித்துவிட வேண்டும். நம் ஆசிரியர்களில் சிலர் எல்லாத் தேர்வுக்கும் பத்து நிமிடம் கொடுக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்.

கரண்டைப் பற்றிச் சொல்லாமல் யாங்கோனில் தேர்வைப் பற்றி எழுத முடியுமா? நம் மண்டபங்களில் நடப்பது இது. கரண்ட் போகும், ஸ்பீக்கர் நின்றுவிடும், மடிக்கணினியோ தன் மின்கலத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ஜெனரேட்டரை இழுத்து முடுக்கி ஸ்பீக்கர் உயிர் பெறும்போது பதிவு இரண்டு கேள்வி தாண்டிப் போயிருக்கும். ஆகவே மடிக்கணினி முன்னால் ஒருவர், வேறு வேலை எதுவும் இல்லாமல், நிறுத்தும் விசையில் விரல் வைத்தபடி உட்கார வேண்டும். ஸ்பீக்கர் நின்ற நொடியில் பதிவை நிறுத்தி, திரையில் காட்டும் நிமிட நொடியைத் தாளில் எழுத வேண்டும். பிள்ளைகள் பேசாமல், தாளைக் கவிழ்த்து வைத்து, காத்திருக்க வேண்டும். கரண்ட் வந்தபின் நின்ற நொடியிலிருந்து தொடங்கக் கூடாது, வாக்கியத்தின் பாதியில் யாருக்கும் பிடி கிடைக்காது. எந்தக் கேள்வியின் நடுவே நின்றதோ அந்தக் கேள்வியின் தொடக்கத்துக்குப் போய், ஐஇஎல்டிஎஸ் என்றால் அந்த உரையாடல் துண்டின் தொடக்கத்துக்குப் போய், "இந்தக் கேள்வியிலிருந்து மறுபடி தொடங்குகிறது" என்று அறிவித்துவிட்டு ஓடவிடுங்கள். அதற்கு ஒவ்வொரு கேள்வியும் எத்தனையாவது நிமிடத்தில் தொடங்குகிறது என்ற பட்டியல் முன்பே கையில் இருக்க வேண்டும். அரை மணி நேர வேலை, ஒரு தடவை எழுதி வைத்தால் அந்தப் பதிவுக்கு என்றைக்கும் உதவும்.

ஸ்பீக்கருக்கும் சேர்த்து ஒரு சிறிய யூபிஎஸ் வைக்க முடிந்தால் இந்தப் பத்தியில் பாதி தேவைப்படாது. ஜெனரேட்டரை மட்டும் ஜன்னலுக்கு அடியில் வைக்காதீர்கள். வெளிச்சம் வரும், காது போய்விடும்.

மழை வேறு. அது யார் சொன்னாலும் நிற்காது, அதற்காகப் பதிவை நிறுத்தவும் முடியாது. ஜூலைத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் மழைச் சத்தத்துக்கு நடுவே ஒரு மாதிரித் தேர்வாவது எழுதிப் பழகட்டும். தகரக் கூரை மண்டபம் நமக்கு இருப்பது அந்த வகையில் நல்லதுதான்.

காது மந்தமான பிள்ளைகள் நம்மிடையே உண்டு. பெற்றோர் மறைத்து அனுப்புகிறார்கள். சிறப்பு ஏற்பாடு இரண்டு தேர்விலும் உண்டு, ஆனால் விண்ணப்பிக்கும் காலத்திலேயே மருத்துவச் சான்றோடு கேட்க வேண்டும். தேர்வு நாளில் கேட்டால் நடக்காது. இருக்கைப் படத்தில் எங்கே மாற்றி உட்கார வைத்தாலும் ஒரு பிள்ளைக்கு மட்டும் நான்காவது பகுதி தொடர்ந்து விழுந்தால், பெற்றோரைத் தனியே கூப்பிட்டுப் பேசுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவில்லை. அடுத்த மாதிரித் தேர்வுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி மண்டபத்திலேயே வையுங்கள். தேதி, எந்தத் தேர்வு, கோளாறு நடந்த நேரம், கேள்வி எண், இருக்கை எண், என்ன செய்தோம், யார் கையெழுத்து என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். கை தூக்கினால் ஒருவர் வந்து எழுதிக்கொள்வார் என்பதை நம் மண்டபத்தில் பார்த்த பிள்ளைதான் அங்கேயும் தயங்காமல் கை தூக்குவாள். தேர்வுக்கு முன் பதிவை ஓடவிட்டு, கடைசி வரிசையின் இரண்டு மூலைகளிலும் ஒரு பெரியவர் உட்கார்ந்து கேட்டுச் சரி சொன்ன பிறகே பிள்ளைகளை உள்ளே விடுங்கள். காதில் குறையில்லாத பெரியவராக இருக்கட்டும். நம் சங்கத் தலைவர்களை நான் மதிக்கிறேன், ஆனால் இந்த வேலைக்கு இருபது வயது அக்கா ஒருத்தி போதும்.

கம்பி, இரண்டாவது ஸ்பீக்கர், உதிரி ஹெட்போன் நான்கு, இவற்றை மூன்று மண்டபங்களும் பங்கு போட்டு ஒரு பெட்டியாக வாங்கிச் சுற்றுக்கு விடலாம். பதிவுகளின் நிமிடப் பட்டியல் என்4க்கு எழுதி முடித்துவிட்டேன், ஐஇஎல்டிஎஸ்ஸுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். வேண்டுபவர்கள் அடுத்த ஞாயிறு மண்டபத்துக்கு வந்து படி எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியை எந்த மண்டபம் முதலில் வைத்துக்கொள்வது என்பதையும் அன்றைக்கே பேசி முடித்துவிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் மண்டபத்தில் கடைசி வரிசைக்குப் பின்னால் உட்காரும் கண்காணிப்பாளர்